பொங்கலுக்கு ஏன் வரலைன்னு வாசலில் கேட்டால் அம்மா என்ன சொல்வாள்?

பண்டிகைக்கு ஊருக்குப் போகாதவர்கள் வீட்டுக்குச் சொல்லும் காரணங்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். லீவு கிடைக்கல. டிக்கெட் கிடைக்கல. மேனேஜர் விடல. இந்தத் தடவை அமையல. திடீர்னு வேலை வந்துருச்சு. இந்த ஐந்திலும் பேசுகிற ஆளைத் தேடினால் அகப்பட மாட்டார். லீவுதான் கிடைக்கவில்லை, வேலைதான் வந்தது, மேனேஜர்தான் விடவில்லை. மகன் ஓர் ஓரமாக நின்று நடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் மொழி இதற்கு ரொம்பத் தாராளமாக இடம் கொடுக்கிறது. ‘எனக்குக் கிடைக்கல’, ‘என்னால முடியல’ என்று சொல்லும்போது ‘நான்’ என்பது ‘எனக்கு’ ஆகவும் ‘என்னால’ ஆகவும் குறுகி, செய்கிறவன் என்ற இடத்தைக் காலி செய்துவிடுகிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ‘நான் வர மாட்டேன்’ இருக்கிறது. அதில் ஆள் இருக்கிறான், ஆனால் கோபித்துக்கொண்டு நிற்கிறான். சண்டை போட்டவன் சொல்லும் சொல் அது. இரண்டுக்கும் நடுவே யாரும் அதிகம் எடுத்துப் பார்க்காத ஒரு வாக்கியம் உண்டு: ‘இந்தப் பொங்கலுக்கு நான் வரல.’ இதில் ‘நான்’ முழுசாக நிற்கிறது, முறுக்கிக்கொள்ளவும் இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு எழுதும் கடிதம் இந்த வாக்கியத்தில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தை வாசிக்கிறவள் அம்மா மட்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கடிதம் போகவேண்டிய தூரம் தெரு வரைக்கும். மார்கழி கடைசியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பை தூக்கி ஆள் இறங்கும்போது, கோலம் போட்டுக்கொண்டிருப்பவளிடம் தண்ணீர்க் குடத்தோடு போகிறவள் நின்று கேட்பாள்: ‘மகன் எப்ப வர்றான்?’ அடுத்தநாள் கடைக்காரர் கேட்பார். அதற்கடுத்த நாள் சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். மகன் சென்னையில் இருந்து ஒருமுறை சொல்லிவிட்டுப் போன காரணத்தை அவள் முப்பது முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் அந்தக் காரணத்தைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்றே: குரலைத் தாழ்த்தாமல், மேற்கொண்டு ஒரு கேள்வி வந்தாலும் தடுமாறாமல், அவளால் அதை வாசலில் நின்று சொல்ல முடியுமா? முடியாது என்றால், அந்தக் கடிதம் மகனின் சுமையை இறக்கி அம்மாவின் தலையில் வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

‘டிக்கெட் கிடைக்கல’ என்பதை இந்தச் சோதனையில் வைத்துப் பார்ப்போம். ரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு அறுபது நாள் முன்னால் திறக்கிறது. அதற்கு முன்பு நூற்றிருபது நாளாக இருந்தது. 2026 பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. போகிக்கு வீட்டில் இருக்க வேண்டுமானால் ஜனவரி 13 இரவு வண்டி ஏற வேண்டும். அந்த வண்டிக்கு டிக்கெட் திறந்த நாள் 2025 நவம்பர் 14, காலை எட்டு மணி. தென்மாவட்ட வண்டிகளில் அது எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எந்த வீட்டில் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆக, ஜனவரி 10ஆம் தேதி ஒருவன் போன் செய்து டிக்கெட் கிடைக்கவில்லை என்றால், அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே அவனுக்கு விஷயம் தெரியும் என்பதுதான் பொருள். அதோடு விடாது. கிளாம்பாக்கத்தில் இருந்து இத்தனை ஆயிரம் சிறப்புப் பேருந்துகள் என்று அமைச்சர் ஒவ்வோர் ஆண்டும் தொலைக்காட்சியில் சொல்வதை அம்மாவும் பார்க்கிறாள், கேள்வி கேட்கும் பக்கத்து வீட்டுக்காரியும் பார்க்கிறாள். ‘ரயில் இல்லைன்னா பஸ்ஸுல வரலாம்ல?’ என்று அவள் கேட்டால் அம்மாவிடம் பதில் இல்லை. பொய்யில் பெரிய பாவம் இருக்கிறதோ இல்லையோ, இந்தப் பொய் ரொம்ப நோஞ்சான். ஒரு கேள்வி தாங்காது.

குற்ற உணர்ச்சி இதைவிட நாகரிகமாகத் தெரியும். ‘நான் பாவி, உன்னைத் தனியா விட்டுட்டேன், என்னை மன்னிச்சிரும்மா’ என்று எழுதுகிறவன் எதையும் மறைப்பதில்லை, உண்மைதான். ஆனால் அதைப் படித்த அம்மா என்ன செய்வாள் என்று பாருங்கள். தன் ஏமாற்றத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லய்யா, நீ வேலையப் பாரு, நேரத்துக்குச் சாப்பிடு’ என்று அவனைத் தேற்றத் தொடங்குவாள். வராதவன் அவன், ஆறுதல் சொல்ல வேண்டியவள் அவள். வாசலில் கேட்பவர்களுக்கும் அதிலிருந்து எடுத்துச் சொல்ல ஒரு வரிகூடக் கிடைக்காது. ‘ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்கான்’ என்று சொன்னால், என்னமோ வீட்டில் பிரச்சினை போல என்று தெரு முடிவு கட்டிவிடும்.

சரி, இரண்டும் இல்லாமல் எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்க்கலாம். அம்மா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள், ஒரு கறவை மாடு உண்டு. மகன் சென்னையில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். அங்கே எட்டு மெஷின். காலை, மதியம், மாலை என்று மூன்று ஷிப்ட். ஒரு நாளைக்கு இருபத்துநாலு பேர். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும். ஒரு கூட்டம் திங்கள், புதன், வெள்ளி வரும். இன்னொன்று செவ்வாய், வியாழன், சனி. பொங்கல் வியாழன், மாட்டுப் பொங்கல் வெள்ளி, காணும் பொங்கல் சனி என்றால் இரண்டு கூட்டமும் அதற்குள் வந்துவிடுகிறது. ஒரு முறையைத் தள்ளிப் போட்டால் உடம்பில் தண்ணீர் சேரும், கால் வீங்கும், படுத்தால் மூச்சுத் திணறும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இதில் ஒரு விசித்திரம், பண்டிகைச் சாப்பாடே இந்த நோயாளிகளுக்கு எதிரி. வாழைப்பழம், இளநீர், வெல்லம் எல்லாமே பொட்டாசியம். வருஷமெல்லாம் வாயைக் கட்டியவர் பொங்கல் அன்றைக்கு மட்டும் கட்ட மாட்டார். மறுநாள் எடையைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரிவில் டெக்னீஷியன்கள் ஐந்து பேர். ஒரு பண்டிகைக்கு இரண்டு பேர் போகலாம். தீபாவளிக்கு இவன் போய் வந்தான். பொங்கலுக்கு டிக்கெட் திறக்கும் முன்பு யார் போவது என்று பேச்சு வந்தபோது, தான் இருப்பதாக இவனே சொன்னான்.

இந்தக் கடைசி வாக்கியம்தான் கடிதத்தின் உயிர். ‘ஆஸ்பத்திரியில லீவு தரல’ என்று இவன் எழுதினாலும் முழுப் பொய்யாகிவிடாது, பாதி உண்மைதான். ஆனால் அப்படி எழுதினால் யாரோ ஒரு அதிகாரி இவனைப் பிடித்து வைத்திருப்பதாக ஆகிறது, அம்மா அந்த முகம் தெரியாத அதிகாரியைத் திட்டுவாள், ‘வேற வேலை பாக்கக்கூடாதா’ என்று மாமா கேட்பார். நடந்ததோ ஒரு முறைமாற்று. ஊரில் கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிறவர்களுக்கு இது புதிதல்ல. போன முறை என் வயலுக்குப் பாய்ந்தது, இந்த முறை உன் வயலுக்கு. அதைப் போய் ‘தண்ணி கிடைக்கல’ என்று யாரும் சொல்வதில்லை.

கடிதம் இப்படிப் போகலாம்:

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு எழுது.

இந்தப் பொங்கலுக்கு நான் வரல. தீபாவளிக்கு நான் வந்தப்போ என் வேலையைப் பார்த்துக்கிட்டவர் இந்தத் தடவை அவர் ஊருக்குப் போறார். பொங்கலுக்கு நான் இருக்கேன்னு நானேதான் பேர் கொடுத்தேன். இங்க வர்றவங்களுக்கு வாரத்துல மூணு நாள் ரத்தத்தை மெஷின்ல சுத்தம் பண்ணியே ஆகணும். பொங்கல் அன்னைக்கும் மாட்டுக்குப் பால் கறந்துதானே ஆகணும், அது மாதிரி இது. ஒரு வேளை விட்டா மடி கட்டிக்கிற மாதிரி இவங்களுக்கு மூச்சு கட்டிக்கும்.

உனக்கு நாலு வேலைக்கு ஆள் வேணும்னு எனக்குத் தெரியும். சுண்ணாம்பு அடிக்க மேலத்தெருவுல போன தடவை வந்தவர்கிட்ட போன்ல பேசிட்டேன், ஜனவரி 4ஆம் தேதி ஞாயித்துக்கிழமை வர்றார், கூலியை நான் அனுப்பிட்டேன், நீ கொடுக்க வேண்டாம். தங்கச்சிக்குப் பொங்கப்படி நான் கொண்டு போறது வழக்கம். இந்தத் தடவை மாமா கொண்டு போறேன்னு சொல்லிட்டார். அரிசி, வெல்லம், பானை, கரும்பு எல்லாம் அவரே வாங்கிருவார். தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட நானே பேசி நான் வரலைங்கிறதைச் சொல்லிட்டேன், அங்கே நீ எதுவும் சொல்ல வேண்டியது இல்ல. கரும்புக் கட்டைத் தூக்குறது, மாட்டைக் குளிப்பாட்டுறது ரெண்டும் உனக்கு ஆகாது. பக்கத்து வீட்டுத் தம்பி செய்யறேன்னான். அவனைச் சாப்பிட வச்சு அனுப்பு.

தை 23, வெள்ளிக்கிழமை காலையில நெல்லை எக்ஸ்பிரஸ்ல வர்றேன். ஞாயித்துக்கிழமை ராத்திரி கிளம்புவேன். வர்றதுக்கு ஞாயித்துக்கிழமையே டிக்கெட் எடுத்தேன், திரும்புறதுக்கு இன்னைக்குக் காலையில எடுத்தேன். பனங்கிழங்கு கொஞ்சம் எடுத்து வை.

உன் மகன்.
டிசம்பர் 10, 2025

இதில் காரணத்துக்கு ஒரு பத்தி, வேலைகளுக்கு அதைவிடப் பெரிய பத்தி என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றே அப்படித்தான். மகன் வராதது அம்மாவுக்கு மனசில் ஒரு இழப்பு. அதைக் கடிதத்தால் ஈடுகட்ட முடியாது, முயலவும் கூடாது. ஆனால் கைவேலையிலும் முறையிலும் ஓர் இழப்பு இருக்கிறது. அதை ஈடுகட்ட முடியும். குறிப்பாகப் பொங்கப்படி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர் அண்ணன் கையால் போக வேண்டும் என்பது தென்மாவட்டங்களில் லேசான விஷயம் இல்லை. படி போகாவிட்டால் தங்கைக்குப் புகுந்த வீட்டில் தலைகுனிவு. போனாலும் அண்ணன் வராமல் போனால் ஒரு கேள்வி. அந்தக் கேள்வி அம்மாவிடம் வரும் முன்னால் மகன் நேராகப் போய் மாப்பிள்ளையிடம் பதில் சொல்லிவிட்டான். தாய்மாமன் கையால் சீர் போவது முறைக்கும் பொருந்தும். சும்மா பணம் அனுப்பிவிட்டு ‘எல்லாம் வாங்கிக்கோம்மா’ என்று எழுதியிருந்தால், ஆள் தேடுவதும் கெஞ்சுவதும் மறுபடி அவள் தலையில்தான் விழுந்திருக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தைப் பற்றி ஊரில் இருக்கும் கசப்புக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பணம் வருகிறது, கூடவே ஒரு வேலையும் வருகிறது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அடுத்த தடவை கண்டிப்பா வருவேன்’ என்பதில் உள்ள ‘கண்டிப்பா’வுக்கு ஊரில் மதிப்பு இல்லை. பிப்ரவரி 5 இரவு வண்டிக்கு டிக்கெட் டிசம்பர் 7 அன்றும், பிப்ரவரி 8 திரும்பும் வண்டிக்கு டிசம்பர் 10 அன்றும் திறந்தன. பண்டிகை நெரிசல் இல்லாத வாரம், இடம் கிடைக்கும். இரண்டும் கையில் வந்த பிறகு கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. நவம்பர் நடுவில் எடுத்த முடிவை டிசம்பர் 10 வரை சொல்லாமல் வைத்திருந்தது ஒரு குறைதான். நான் என்றால் போனிலாவது ‘வரல, விவரமா எழுதறேன்’ என்று அன்றைக்கே சொல்லச் சொல்வேன். ஆனால் தேதி இல்லாத கடிதத்தைவிடத் தேதியோடு வரும் தாமதமான கடிதம் மேல்.

இப்போது மறுப்புகள். முதலாவது, போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பது. போனில் ‘வரல’ என்று சொன்னதும் அந்தப் பக்கம் ஓர் அமைதி விழும். மூன்று விநாடிகூட இருக்காது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் எல்லாரும் காரணங்களைக் கொட்டுகிறார்கள். ஒன்று போதும் என்ற இடத்தில் நாலு வந்து விழும், நாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. அம்மாவுக்கும் அதே கதி. ‘சரிப்பா’ என்று அந்த நொடியே சொல்லியாக வேண்டும். கடிதம் என்றால் கோபப்படவும் முனகவும் அவளுக்கு இரண்டு நாள் கிடைக்கிறது, மகன் காதில் விழாமல். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்றால் பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டுவாள். அதையும் நினைத்துத்தான் எழுத வேண்டும். ‘என்னை மன்னிச்சிரும்மா’ என்பதை இன்னொரு வீட்டுப் பெண் உரக்கப் படிக்க, அம்மா உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்தால், அந்த வரி தானாகவே அடிபட்டுவிடும்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. இந்த எழுத்தில் ஈரம் இல்லையே, பெற்றவளிடம் முறைமாற்றுக் கணக்கு பேசலாமா? நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘வர்றேன்’ என்றுதான் சொல்கிறோம். அவ்வளவு பக்குவமான மொழியில் ‘நான் வரல’ என்று வெட்டிச் சொல்வதா? நியாயமான கேள்வி. என் பதில், ஈரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முழங்கால் வலியைக் கேட்பதில், கரும்புக் கட்டு அவளுக்கு ஆகாது என்று தெரிந்து வைத்திருப்பதில், ‘பனங்கிழங்கு எடுத்து வை’ என்று உரிமையோடு கேட்பதில் அது இருக்கிறது. கடைசியில் சொன்னது முக்கியம். குற்ற உணர்ச்சியோடு எழுதுகிறவனுக்கு எதையும் கேட்க வாய் வராது. கேட்கத் தகுதி இல்லாதவன் போலக் கூனிக் கிடப்பான். அம்மாவுக்குப் பிள்ளை எதையாவது கேட்பதில்தான் சந்தோஷம்.

மூன்றாவதாக, உயிர் காக்கும் வேலையைக் காட்டி நான் சுலபமாகத் தப்பித்துக்கொண்டேன் என்று ஒருவர் சொல்லலாம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் ‘நாப்பத்தெட்டு உயிர் என் கையில இருக்கு’ என்ற மாதிரி வரி கடிதத்தில் இல்லை. அதுவும் சாக்குதான், கொஞ்சம் ஜரிகை வைத்த சாக்கு. மற்ற நாலு டெக்னீஷியன்களும் இருக்கிறார்கள், இவன் கட்டாயம் வர வேண்டும் என்று அடம் பிடித்தால் யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்திருப்பார். இவன் அடம் பிடிக்கவில்லை, அவ்வளவே. வெறும் பணம்தான் காரணம் என்றாலும் இதே முறை செல்லும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பண்டிகை நாளில் ஆம்னி பஸ்ஸில் ஒரு சீட்டு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் போக வர 20,000. ‘அதே இருபதாயிரத்துல உன் கண் ஆபரேஷனுக்குக் கட்டலாம்னு முடிவு பண்ணினோம், பிப்ரவரியில ரயில்ல வர்றோம்’ என்று எழுதினால் வாசலில் நின்று சொல்வதற்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ‘கையில காசு இல்லம்மா’ என்று எழுதினால் மறுநாளே அவள் கம்மலை அடகு வைக்கப் போவாள்.

உண்மையான காரணத்தைச் சொல்லவே முடியாத இடமும் உண்டு. அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு, அல்லது போன பண்டிகைக்கு மனைவியிடம் யாரோ பேசிய பேச்சு. அதையெல்லாம் கடிதத்தில் எழுதச் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் படிக்கிற கடிதம் இது. அப்போதும் ‘டிக்கெட் கிடைக்கல’ தேவையில்லை. ‘இந்தப் பொங்கலுக்கு நான் வரல, காரணத்தை நேர்ல சொல்றேன்’ என்று எழுதி, கீழே தேதியும் வண்டியும் இருந்தால், அம்மா வாசலில் சொல்வதற்கு அது போதும்: ‘தை கடைசியில வர்றான், டிக்கெட் எடுத்துட்டான்.’ பெரும்பாலும் கேட்கிறவர்களும் அதற்கு மேல் தோண்டுவதில்லை. குடம் இடுப்பில் கனக்கும்.